பாஸ்பேட்டைச் சிறுநீரகம் சுரப்பதில்லை

"பாராதைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்தைப் பாஸ்பேட் சுரக்கச் செய்கிறது." சென்ற மாதம் ஒரு பயிலரங்கில் இந்த வாக்கியத்தை மூன்று பேர் சொல்லக் கேட்டேன். மூவரும் ஒரே மொழிபெயர்ப்புக் குறிப்பைப் படித்தவர்கள். அதில் 'பாஸ்பேட்டூரிக்' என்பதற்குப் 'பாஸ்பேட் சுரப்பூக்கி' என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாம் முறை கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. பாஸ்பரஸ் என்றால் கிரேக்கத்தில் ஒளி தாங்கி. ஊரோன் என்றால் சிறுநீர். 1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸைப் பிரித்தெடுத்ததே சிறுநீரிலிருந்துதான். பாஸ்பேட் சிறுநீரில் போவது பாஸ்பேட்டூரியா. அப்படிப் போகச் செய்வது பாஸ்பேட்டூரிக். சுரத்தல் இதில் எங்கே வந்தது?

தமிழில் ஊற்று சுரக்கும், பசுவின் மடி சுரக்கும். உள்ளிருந்து ஊறி வெளிவருவதே சுரத்தல். சிறுநீரகத்தின் வேலையைச் சொல்லும்போது பள்ளிப் பாடநூலே வடிகட்டுதல், மீள உறிஞ்சுதல், சுரத்தல் என்று மூன்றையும் பிரித்துச் சொல்கிறது. வடிந்த நீர் ஓடிச் சிறுநீராகும் நுண்குழலின் சுவர் பொட்டாசியத்தை உண்மையிலேயே சுரக்கிறது. மனிதரின் பாஸ்பேட் அப்படியல்ல. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகிறது. பாஸ்பரஸ் கணக்கில் அதில் சுமார் 6 கிராம் இருக்கும். அதில் 80 முதல் 90 சதவீதத்தைச் சுவர் திரும்ப எடுத்துக்கொள்கிறது, பெரும்பகுதியை அண்மைச் சுருண்ட நுண்குழலிலேயே. எடுக்காமல் விட்டதுதான் சிறுநீரில் போகிறது.

திரும்ப எடுப்பவை அந்தச் செல்களின் உட்குழல் முகப்பில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்கள். சோடியத்தோடு சேர்த்துப் பாஸ்பேட்டை உள்ளே இழுப்பவை அவை. பாராதைராய்டு ஹார்மோன் வந்ததும் அந்தப் புரதங்கள் முகப்பிலிருந்து செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. மீட்பு பழைய நிலைக்குத் திரும்பப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். எலும்புச் செல்கள் தரும் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனும் இதே கடத்திகளைத்தான் குறைக்கிறது. வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர்: செயல்படும் வைட்டமின் டியை முன்னது கூட்டும், பின்னது குறைக்கும். ஆக, ஹார்மோன் எதையும் ஊறவைக்கவில்லை. மீட்பைத் தடுக்கிறது, அவ்வளவுதான். (சில கடல்மீன்களின் நுண்குழல் பாஸ்பேட்டை மெய்யாகவே சுரக்கிறது. அங்கே எழுத வேண்டிய சொல்லை இங்கே செலவழித்துவிட்டால், மீனைப் பற்றி எழுதும்போது என்ன செய்வது?)

'பாஸ்பேட் மிகுசிறுநீர்' என்ற இன்னொரு ஆக்கமும் உலவுகிறது. இது இன்னும் நயமாக வழி தவறச் செய்கிறது. ஹார்மோன் கூடிய தொடக்கத்தில் சிறுநீரில் பாஸ்பேட் மிகும், உண்மை. ஆனால் அதனால் இரத்தத்தில் அளவு இறங்கும், வடிவதும் குறையும். பிறகு குடல் உறிஞ்சிய அளவுதான் சிறுநீரில் போகும். நோய் தொடரும், மிகை தெரியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் வடிந்த பிறகு திரும்ப எடுக்கப்படுவதில்லை, அதனால் அதுவே இங்கே அளவுகோல். ஒருவருக்கு இரத்தப் பாஸ்பேட் 1.5 மி.கி., கிரியாட்டினின் 0.8, சிறுநீரில் பாஸ்பேட் 30, கிரியாட்டினின் 80. எல்லாம் டெசிலிட்டருக்கு. சிறுநீர்ப் பாஸ்பேட்டை இரத்தக் கிரியாட்டினினால் பெருக்கினால் 24. இரத்தப் பாஸ்பேட்டைச் சிறுநீர்க் கிரியாட்டினினால் பெருக்கினால் 120. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.2. வடிந்ததில் 20 சதவீதம் கழிகிறது. சிறுநீரில் 30 என்ற எண் யாரையும் திடுக்கிட வைக்காது. ஆனால் இரத்தத்தில் இவ்வளவு குறைந்திருக்கும்போது நலமான சிறுநீரகம் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே விட்டிருக்கும். மிகையைத் தேடுபவர் இந்த நோயாளியை நலமானவர் என்று அனுப்பிவிடுவார். எவ்வளவு மீட்கப்படவில்லை என்று கேட்பவரே சிறுநீரகத்தில் கசிவு இருப்பதைக் காண்பார்.

பரம்பரையாக வரும் ஒருவகை ரிக்கெட்ஸுக்குப் 'பாஸ்பேட் நீரிழிவு' என்று பழைய பெயர் ஒன்று உண்டு. இழிவு என்பது இறங்கிப் போவது, சொல்லமைப்பில் குறையில்லை. ஆனால் இன்று நீரிழிவு என்றால் சர்க்கரை நோய் என்றே எல்லோரும் படிப்பார்கள். எலும்பு வளையும் குழந்தையின் பெற்றோர் இனிப்பை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள்.

நான் எழுதுவது இப்படி: பாஸ்பேட்டூரியா 'பாஸ்பேட் கழிவு', பாஸ்பேட்டூரிக் ஹார்மோன் 'பாஸ்பேட் கழிப்பூக்கி'. பாஸ்பேட்டைப் பாசுபேற்று என்று எழுதுவோருடன் எனக்குச் சண்டையில்லை, பொருள் கெடவில்லை. சுரப்பூக்கி என்று எழுதுபவரிடம்தான் கேட்கிறேன்: நுண்குழலின் எந்தச் சுவரிலிருந்து சுரக்கிறது?