ஹெல்மெட்டைக் கேட்கிறாரா, உங்களையா?

பிரிந்து ஐந்து மாதம் ஆன பெண் ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இரவு பதினொன்றரைக்குப் பிரிந்துபோனவரிடமிருந்து அவருக்கு ஒரு மெசேஜ்: "என் ஹெல்மெட் உன்கிட்டதானே இருக்கு? ஒரு நாள் வந்து வாங்கிக்கவா?" அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்கவில்லை. "நிஜமாவே ஹெல்மெட்தான் வேணுமா மேடம்?" என்று கேட்டார்.

மெசேஜ் அனுப்பியவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பல நேரம் கேட்பவருக்கே தெரிவதில்லை. பொருளும் வேண்டும், முகத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும், இரண்டும் கலந்துதான் கிடக்கும். பாஸ்போர்ட், மார்க் ஷீட் என்றால் சந்தேகமே படாமல் உடனே கொடுத்துவிடுங்கள். ஆனால் ஐந்து மாதம் ஹெல்மெட் இல்லாமலா வண்டி ஓட்டினார்?

யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு: சந்திப்பை எடுத்துவிட்டுப் பொருளை மட்டும் கொடுக்க முன்வருவது. இந்தப் பெண், வீட்டிலிருந்த அவருடைய பொருள் அத்தனையும், ஒரு சார்ஜர் உட்பட, ஒரே பெட்டியில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். "சனிக்கிழமை பத்திலிருந்து ஆறு வரைக்கும் செக்யூரிட்டிகிட்ட இருக்கும். முடியலைன்னா அட்ரஸ் அனுப்பு, கூரியர் போடுறேன்." அவ்வளவுதான், நலம் விசாரிப்புகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுப்பது முக்கியம், இல்லையென்றால் இந்த மாதம் ஹெல்மெட், அடுத்த மாதம் புத்தகம் என்று இழுத்துக்கொண்டே போகும்.

பொருள்தான் தேவை என்றால் "சரி, தேங்க்ஸ்" என்று வரும். இவருக்கு வந்தது, "செக்யூரிட்டிகிட்ட எதுக்கு? நேர்ல பார்த்தா என்ன?" அந்தப் பதிலில் ஹெல்மெட் என்ற சொல்லே இல்லை.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த வாரம், தான் கொடுத்த வெள்ளிக் கொலுசைத் திருப்பிக் கேட்டு மெசேஜ். மனதாரக் கொடுத்து வாங்கிக்கொண்ட பரிசை நினைத்த நேரத்தில் திரும்பக் கேட்கச் சட்டப்படி உரிமை கிடையாது (நிச்சயதார்த்த நகை வேறு கதை). ஆனாலும் தலைவலி தீரட்டும் என்று அவர் அதையும் பெட்டியில் போட்டார். அது அவர் முடிவு, நான் தடுக்கவில்லை.

அடிப்பது, மிரட்டுவது, பின்தொடர்வது என்று முன்பு நடந்திருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். பிரிந்த பிறகான மாதங்களில்தான் ஆபத்து கூடும். பெட்டியை வேறு ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், மெசேஜ்களை அழிக்காதீர்கள், தொல்லை தொடர்ந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

நான்காவது அமர்வில்தான் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அந்த ஹெல்மெட்டைத் தானே எப்போதோ கூரியரில் அனுப்பியிருக்கலாம், கேட்டு ஒரு மெசேஜ் வரட்டும் என்றுதான் வைத்திருந்தாராம்.