பி.டி., சி.டி. நார்மல் என்றால் ரத்தம் சரி என்று அர்த்தமில்லை

எங்கள் மைனிக்கு வயது 34. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு உடைக்கப் போகிறாள். காய்ச்சல் என்று கூடப் படுத்தது கிடையாது. ஆனால் தொடையிலும் கையிலும் எப்போதும் எங்காவது ஒரு இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கும், எங்கே இடித்தாய் என்று கேட்டால் தெரியாது என்பாள். சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வருவது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தே வளர்த்துவிட்டார்கள்.

போன வருஷம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தபோது பல் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பக்கத்து லேப்பில் பி.டி., சி.டி., அதாவது ரத்தம் நிற்கிற நேரமும் உறைகிற நேரமும் பார்த்து இரண்டும் நார்மல் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, எல்லாம் நார்மலாம், பல்லை எடுத்திரலாமா?" என்று கேட்டாள். நான் பதினேழு வருஷமாக லேப்பில் ரத்தம் எடுக்கிறவன். வேண்டாம், கொஞ்சம் பொறு மைனி என்றேன்.

ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், ரத்தம் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். சின்னக் குழாய் ஒன்று கிழிந்ததும் முதலில் நடப்பது உறைதல் இல்லை, ஒட்டுதல். ஓடுகிற ரத்தத்தில் மிதக்கிற பிளேட்லெட்டுகள், அதாவது டெங்கு காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான அந்தத் தட்டணுக்கள், கிழிந்த இடத்தில் வந்து ஒட்டி அடைப்பு போட வேண்டும். ரத்தம் வேகமாக ஓடும்போது அவை தாமாக ஒட்டாது. வான் வில்பிராண்ட் காரணி என்று ஒரு நீளமான புரதம் கிழிந்த சுவரில் போய்ப் பிடித்துக்கொண்டு, கயிறு மாதிரி விரிந்து, ஓடுகிற பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்துகிறது. அப்புறம்தான் உறைதல் காரணிகள் ஒன்றையொன்று எழுப்பி, ஃபைப்ரின் என்ற நார் வலையைப் பின்னி அந்த அடைப்பை இறுக்குகின்றன.

இந்த இரண்டு கட்டங்களில் எது கெட்டாலும் ரத்தம் கசியும், ஆனால் கசிகிற இடம் வேறுபடும். ஒட்டும் கட்டம் பலவீனமாக இருந்தால் மூக்கு, பல் ஈறு, தோல், மாதவிடாய் என்று மேலோட்டமான இடங்களில்தான் ரத்தம் வரும். நார் வலை கெட்டுப்போனால், ஹீமோஃபிலியாவில் போல, முட்டியும் தசையும் ரத்தம் கட்டி வீங்கும். மைனியின் கதை முழுக்க முதல் வகை. அதனால் தேட வேண்டியதும் அங்கேதான்.

இப்போது பி.டி., சி.டி.க்கு வருவோம். பி.டி. என்றால் விரலிலோ காது மடலிலோ ஊசியால் குத்தி, ரத்தம் நிற்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று வடிதாளில் ஒற்றி ஒற்றிப் பார்ப்பது. குத்துகிற ஆழம், தோலின் தடிமன், குத்துகிறவர் கை எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். நானே ஒரே ஆளுக்கு இரண்டு விரலில் குத்தி இரண்டு விடை பார்த்திருக்கிறேன். சி.டி. என்பது கண்ணாடிக் குழாயில் ரத்தம் எப்போது உறைகிறது என்று பார்ப்பது. உறைதல் காரணி ஏதாவது கிட்டத்தட்ட இல்லாமலே போனால்தான் அது நீளும், பாதி குறைந்திருந்தால் ஒன்றும் காட்டாது. இரண்டையும் கைவிட வேண்டும் என்று ரத்தவியல் ஆட்கள் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிறது, நம் ஊர் லேப்களில் ஆபரேஷனுக்கு முன்னால் இன்னும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த "நார்மல்" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் ஜனங்கள் மேற்கொண்டு போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

சரி, முதலில் எதைப் பார்க்கலாம்? ரத்தம் எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டும். ஒரே பக்க மூக்கில் மட்டும் எப்போதும் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் மூக்குக்குள் இருக்கிற ஒரு புண் அல்லது மேலோட்டமான குழாய், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினாலே போதும். வருஷத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் வந்தாலோ, மூக்கின் மெத்தென்ற பாகத்தை அழுத்திப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தும் பத்து நிமிஷத்தில் நிற்காமல் போனாலோ கவனிக்க வேண்டும். அப்புறம் மருந்து. கைகால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் பிளேட்லெட் வேலையை மந்தமாக்கும். ஆஸ்பிரின் ஒன்று விழுங்கினால் அப்போது ரத்தத்தில் இருக்கிற பிளேட்லெட்டுகள் சாகும்வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாள், பாதிப்பு இருக்கும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள் பலர் இடுப்பு வலிக்குத் தினமும் மாத்திரை போடுவார்கள், கேட்டால் மட்டும் "மருந்து ஒண்ணும் எடுக்கல" என்பார்கள், அதனால் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதுதான் நல்லது.

மைனி எந்த மாத்திரையும் எடுப்பதில்லை. ஆனால் கேட்கக் கேட்க வேறு விஷயங்கள் வந்தன. மாதவிடாய் எட்டு நாள், முதல் மூன்று நாள் இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டும். அவள் அப்பாவுக்குப் பல் பிடுங்கியபோது விடியவிடிய ரத்தம் கசிந்ததாம். ஒன்பது வயது மகளுக்கும் சில்லுமூக்கு உடையும். இதை ஒருவரும் சேர்த்து யோசித்ததே இல்லை.

நான் அவளைப் பொது மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் முதல் சுற்றுக்கு எழுதியது மூன்றுதான்: முழு ரத்த எண்ணிக்கை, அதோடு கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, பிறகு உறைதல் காரணிகளைச் சோதிக்கிற புரோத்ராம்பின் டைமும் ஏ.பி.டி.டி.யும்.

முழு எண்ணிக்கையில் பிளேட்லெட் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கலாம். ரத்தப் புற்று பற்றிய பயம் பலருக்கு இருக்கும். எண்ணிக்கையும் பூச்சும் இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் பயத்தைப் பெருமளவு இறக்கி வைக்கலாம். மெஷின் குறைவாகக் காட்டினால் உடனே கலங்க வேண்டாம். ஊதா மூடிக் குழாயில் இருக்கிற மருந்தினாலேயே சிலர் ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், மெஷின் அந்தக் கட்டிகளை எண்ணாது. பூச்சைப் பார்த்தால் கட்டி தெரிந்துவிடும், நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணினால் உண்மை விளங்கும்.

அந்த நீல மூடிக் குழாயில்தான் உறைதல் சோதனைகளுக்கும் எடுக்கிறோம். அதைக் கோடு வரை நிரப்ப வேண்டும், ஏனென்றால் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதை உறையாமல் வைக்கிற சிட்ரேட் ஒரு பங்கு என்ற கணக்கு அது. பாதிக் குழாய் எடுத்தால் சிட்ரேட் அதிகமாகி, நோயில்லாதவருக்கும் ஏ.பி.டி.டி. நீண்டு காட்டும். ரிசல்ட் விசித்திரமாக இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது குழாயைத்தான்.

மைனியின் ரிசல்ட் வந்தது. பிளேட்லெட் 3.1 லட்சம், ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறி இருந்தன, இரும்புச் சத்து வற்றிப்போன அடையாளம். புரோத்ராம்பின் டைமை வைத்துக் கணக்கிடுகிற ஐ.என்.ஆர். 1.0. ஏ.பி.டி.டி. 35 விநாடி, எல்லை 36. தாளில் ஹீமோகுளோபினைத் தவிர எதுவும் தடித்த எழுத்தில் இல்லை. இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள், சத்துக்குறைவு என்று டானிக் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ரத்தத்தைச் சுழற்றி, பிளேட்லெட்டுகளையும் சேர்த்து எல்லா அணுக்களையும் அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்கிற மஞ்சள் நீரில்தான் நார் வலை எவ்வளவு சீக்கிரம் உண்டாகிறது என்று பார்க்கிறோம். அங்கே குழாய்ச் சுவர் இல்லை, ஓட்டம் இல்லை, பிளேட்லெட்டும் இல்லை. அதாவது ஒட்டும் கட்டம் அந்தச் சோதனைக்குள் நடப்பதே இல்லை. பிளேட்லெட் எண்ணிக்கை எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லும், அவர்களைப் பிடித்து நிறுத்துகிற கயிறு இருக்கிறதா என்று சொல்லாது. ஏ.பி.டி.டி.க்கு இதில் ஒரு மறைமுகத் தொடர்பு மட்டும் உண்டு: வான் வில்பிராண்ட் புரதம்தான் எட்டாம் உறைதல் காரணியை ரத்தத்தில் சுமந்து காப்பாற்றுகிறது, அது மிகவும் குறைந்து எட்டாம் காரணியும் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஏ.பி.டி.டி. நீளும்.

வான் வில்பிராண்ட் புரதம் குறைகிற நோயை 1926இல் எரிக் வான் வில்பிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் எழுதிவைத்தார். ஓலாண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் ஹ்யோர்டிஸ் என்ற சிறுமியைப் பார்த்து ஆரம்பித்தது அது. அவளுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கையில் குறையில்லை. அவள் 13 வயதில், நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

ஆகவே ரத்தக் கசிவின் கதை பலமாக இருந்தால், முதல் சுற்று நார்மலாக வந்தாலும் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது வான் வில்பிராண்ட் புரதத்தின் அளவு, அதன் வேலைத்திறன், எட்டாம் காரணி, இந்த மூன்றும். இதற்கு எங்கள் லேப்பில் வசதி இல்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும். எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸில் வைத்து பஸ்ஸில் அனுப்பினால் அந்தப் புரதத்தின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இங்கேயே சுழற்றி, மேல்நீரைப் பிரித்து உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதோ, கர்ப்ப காலத்திலோ, கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கும்போதோ பார்த்தால் எதிர்ப் பக்கம் ஏமாற்றும், அளவு ஏறி நார்மல் போலக் காட்டும். ரத்த வகை ஓ உள்ளவர்களுக்கு இயல்பாகவே கால்வாசி குறைவாக இருக்கும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது.

மைனிக்குப் புரத அளவு 36 சதவீதம், வேலைத்திறன் 31, எட்டாம் காரணி 54. ஐம்பதுக்குக் கீழே இருந்து, கூடவே ரத்தக் கசிவும் இருந்தால் அது வான் வில்பிராண்ட் நோய். அளவும் திறனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதால் முதல் வகை, இருப்பதிலேயே லேசானது. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம், 38, 34. ஒருவேளை இந்த மூன்றும் சரியாக இருந்திருந்தால் பிளேட்லெட்டின் வேலைத்திறனைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம், அந்தச் சோதனைக்கு ஆளே நேரில் போக வேண்டும், ரத்தத்தை அனுப்ப முடியாது.

பிறகு நடந்தது சுருக்கம்தான். இரும்பு மாத்திரை, மாதவிடாயின் முதல் நாட்களுக்கு, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கிற டிரானெக்சாமிக் ஆசிட், வலிக்கு இனிமேல் பாராசிட்டமால் மட்டும். பல்லை ரத்தவியல் டாக்டரிடம் கேட்டுவிட்டு சித்திரையில் எடுத்தோம், முந்தின இரவே டிரானெக்சாமிக் மாத்திரை ஆரம்பித்து, எடுத்த இடத்தில் தையல் போட்டு, ஐந்து நாள் மாத்திரையைத் தொடர்ந்து. தலையணையில் ஒரு சொட்டுக் கறை இல்லை என்று மறுநாள் காலை போன் பண்ணினாள். மகளுக்கும் பார்க்க வேண்டும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பள்ளிக்கூடம் லீவு விடட்டும், சளி இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிவருகிறேன் என்றிருக்கிறாள்.