பிளீட் என்பது கசிவு அல்ல, வெட்டுமிகை

அச்சுக்குப் பிடிஎஃப் தயாரிப்பது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில், படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி வைக்கும் 'பிளீட்' என்பதை 'இரத்தக் கசிவு' என்று எழுதுகிறார்கள். சிலர் அதைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணிக் 'குருதிக் கசிவு' என்கிறார்கள். இன்னும் சிலர் இரத்தத்தை எடுத்துவிட்டு வெறும் 'கசிவு' என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றில் கடைசிதான் ஆபத்தானது. முதல் இரண்டையும் படிப்பவர் தவறு என்று உடனே கண்டுகொள்வார். 'கசிவு' சரியான சொல்லைப் போலவே தோன்றும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அது இரத்தம் சிந்துவதைக் குறிக்கும் வினைதான். புத்தகம் கட்டுபவர் ஓரத்தை வெட்டும்போது கத்தி உள்ளே இறங்கி அச்செழுத்தையே அறுத்துவிட்டால், அந்தப் புத்தகம் காயப்பட்டது என்ற பொருளில் இச்சொல்லைச் சொன்னார்கள். பிறகு பொருள் திரும்பியது. படம் தாளின் விளிம்புவரை போக வேண்டுமென்றால் வேண்டுமென்றே அதை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி அச்சடித்து, கத்தி அதன் மேல் விழும்படி வைப்பதற்கு அதே பெயர் வந்தது. ஆக, தொடக்கம் முதலே இது கத்தியைப் பற்றிய சொல். மை எங்கும் கசியவில்லை.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் நோட்டீஸ், பத்திரிகை வடிவமைப்பை இங்கேயே முடித்துவிட்டு, பெரிய எண்ணிக்கை என்றால் அச்சுக்குச் சிவகாசிக்கோ மதுரைக்கோ அனுப்புவது வழக்கம். அச்சகத்துக்காரர் பக்கத்தில் நின்று கேட்க மாட்டார். எழுதி அனுப்பும் சொல்தான் நமக்காகப் பேச வேண்டும்.

பாம்பனில் ஒரு கருவாட்டுக் கடைக்கு ஏ5 நோட்டீஸ். நான்கு ஓரமும் கடல் நீலம். 'கசிவு 3 மி.மீ. விடவும்' என்ற குறிப்பைப் படித்த இளைஞர், மை ஓரத்தில் கசியாமல் இருக்க இடம் விடச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். 148 × 210 மி.மீ. பக்கத்தில் சுற்றிலும் 3 மி.மீ. வெள்ளை விட்டு, நீலத்தை 142 × 204-க்குள் நிறுத்திவிட்டார். கேட்டது வெளியே 3 மி.மீ., அதாவது 154 × 216. செய்தது உள்ளே 3 மி.மீ. அவர் படித்த சொல்லுக்கு அவர் செய்ததுதான் சரியான செயல். குற்றம் சொல்லின் மேல்.

அந்த ஃபைலை வைத்து அச்சகம் என்ன செய்ய முடியும்? நீலத்துக்குள்ளேயே வெட்டினால் நோட்டீஸ் 136 × 198 ஆகச் சிறுத்துவிடும். அளவைக் காப்பாற்ற, அகலம் 142-ஐ 154 ஆக்கும்படி எல்லாவற்றையும் பெரிதாக்கினால், விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே இருந்த கைபேசி எண் 2.4 மி.மீ.-க்கு வந்து நிற்கும். கட்டிங் மெஷினில் தாள்களைக் கட்டாக அடுக்கி வெட்டும்போது அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை நகர்வது இயல்பு. 2.4-இல் ஒன்று போனால் எண் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். இந்த நகர்வுக்காகத்தான் வெளியே 3 மி.மீ. கேட்கிறார்கள். நீட்சி இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெள்ளைக் கீற்று தெரியும். நோட்டீஸ் கட்டை விசிறிபோல் விரித்து ஓரத்தைப் பார்த்தால் அது உடனே கண்ணில் படும்.

சரி, 'கசிவு' என்ற சொல்லுக்கு அச்சில் வேலையே இல்லையா? இருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் மை ஊறிப் பரவுகிறதே, அதுதான் உண்மையான மைக்கசிவு. திரைக்கான ஆர்ஜிபியில் செய்த கருப்பு எழுத்தை அப்படியே அச்சுக்கான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் அது தனிக் கருப்பாக வராது. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் மாற்றிப் பாருங்கள்: நீலப்பச்சை 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. கூட்டினால் 300 விழுக்காடு மை. சிறிய எழுத்தில் இந்த நான்கு மைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஊறி, ண, னை, ணை போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். நான்கில் ஒரு பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு வண்ண நிழல் வரும். எழுத்துக்குக் கருப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதை விளக்கக் 'கசிவு' வேண்டும். அதைக் கொண்டுபோய் பிளீடுக்குக் கொடுத்துவிட்டால், 'கசிவைக் கூட்டு', 'கசிவைக் குறை' என்று ஒரே பக்கத்தில் எழுத நேரும். எது எது என்று யார் பிரிப்பது?

நான் சொல்வது வெட்டுமிகை. தையற்காரர் தையலுக்கென்று கூடுதலாக விடும் துணியைப் போல, வெட்டுக்கென்று கூடுதலாக விடும் பரப்பு. 'மிகைபடக் கூறல்' குற்றம் ஆயிற்றே, மிகை நல்ல சொல்லா என்று ஒரு நண்பர் கேட்டார். கத்தி வெட்டி எறியப்போகும் பகுதிக்கு மிகை என்பதைவிடப் பொருத்தமான பெயர் தெரியவில்லை. 'விளிம்பு நீட்சி' என்பதும் புரிகிறது, ஆனால் ஏன் நீட்டுகிறோம் என்பதை அது சொல்லாது. இவை எதுவும் பிடிக்கவில்லையா, 'பிளீட்' என்றே எழுதுங்கள். அச்சகத்தில் எல்லாரும் 'மூணு எம்எம் பிளீட் விடுங்க' என்றுதான் சொல்கிறார்கள். தவறான தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

இதே ஆட்கள் 'கிராப் மார்க்' என்பதைப் 'பயிர்க் குறி' என்று எழுதியதையும் பார்த்தேன். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, கட்டிங் மெஷின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காமல் மொழிபெயர்ப்பது நம் தொழில்நுட்பத் தமிழைத் தொடர்ந்து கெடுத்துவருகிறது. அது வெட்டுக்குறி. மூலைகளில் மெல்லிய கோடுகளாக வந்து, கத்தி எங்கே விழ வேண்டும் என்று காட்டுவது. இதில் ஒரு எச்சரிக்கை: இன்டிசைனில் இந்தக் கோடுகளின் தொலைவைக் குறிக்கும் Offset முன்னிருப்பாக 6 புள்ளி, அதாவது ஏறத்தாழ 2.1 மி.மீ. வெட்டுமிகை 3 மி.மீ. என்றால் கோடுகளின் முனை நீலத்துக்குள் நுழைந்துவிடும். கத்தி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே விழுந்தால் நோட்டீஸின் மூலையில் கறுப்புத் துளி தங்கும். அதை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஃபைலை அனுப்பும் முன் அக்ரோபாட்டில் பக்கக் காட்சி விருப்பங்களில் Show art, trim, & bleed boxes என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். வெட்டு எல்லையான TrimBox, மிகை எல்லையான BleedBox இரண்டும் கோடுகளாகத் தெரியும். நீலம் வெளிக்கோடு வரை போயிருக்க வேண்டும், எழுத்து உள்கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

அந்தக் கருவாட்டுக் கடை நோட்டீஸை மீண்டும் அனுப்பும்போது குறிப்பை இப்படி எழுதினோம்: 'வெட்டளவு 148 × 210 மி.மீ. வெட்டுமிகை நான்கு பக்கமும் வெளியே 3 மி.மீ. வெட்டுக்குறி உண்டு. நால்வண்ணம், சிஎம்ஒய்கே. எழுத்து தனிக் கருப்பு.' சிவகாசியிலிருந்து விளக்கம் கேட்டு யாரும் அழைக்கவில்லை.