தும்பிக்கை ஏன் பெரிதாகத் தெரிகிறது?

குரோஷே ஊசியில் பின்னிய ஒரு யானைப் பொம்மை என் மேஜையில் இருக்கிறது. சந்தன வெள்ளை நூல், ஒரு சாண் உயரம்கூட இல்லை. பின்னியவர் போனில் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் தும்பிக்கை தடித்து முன்னே நிற்கிறது, காதுகள் சிறுத்துப் பின்னே ஒதுங்கியிருக்கின்றன. பின்னணியில் விரித்த வெள்ளைத் தாள் அழுக்குச் சாம்பலாக இருக்கிறது, ஒரு பக்கம் மஞ்சளடிக்கிறது. பொம்மையோ கையில் எடுத்துப் பார்த்தால் அத்தனை நேர்த்தி. இந்தக் குறைகளில் எதைச் சரிசெய்யவும் விலை உயர்ந்த போன் தேவையில்லை. ஜன்னலுக்கும் பொம்மைக்கும், பொம்மைக்கும் போனுக்கும், பொம்மைக்கும் தாளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் தீர்வு பாதிக்கு மேல் இருக்கிறது.

முதலில் தும்பிக்கை. போனின் முதன்மைக் கேமரா அகலமாகப் பார்க்கும் வகை. சின்னப் பொருள் அதில் இன்னும் சின்னதாகத் தெரிவதால், நாம் போனைக் கிட்டே கொண்டுபோய்விடுகிறோம். இந்த யானையின் தும்பிக்கை நுனிக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளிக் காதுகள் இருக்கின்றன. தும்பிக்கையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் போனைப் பிடித்தால் காதுகள் 30 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதாவது, ஒரே அளவுள்ள இரண்டு தையல்களில் தும்பிக்கையில் இருப்பது காதில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகப் பதியும். போனை 60 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் காது 70 செ.மீ. ஆகிறது. இப்போது வித்தியாசம் 1.17 மடங்குதான். கண் அதை இயல்பென்று ஏற்றுக்கொள்கிறது.

சரி, பின்னால் போனால் பொம்மை சின்னதாகிவிடுமே? அதற்குத்தான் 2x ஜூம். உருவம் கோணலாவது ஜூமினால் அல்ல, நாம் நிற்கும் தூரத்தினால். அதனால் முதலில் தூரத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஜூமால் சட்டத்தை நிரப்புவதே சரியான வரிசை. 2x-க்கு மேல் போனால் பல போன்களில் நூலின் இழை குழைந்துவிடும். அப்படித் தெரிந்தால் 2x-லேயே எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்.

இனி வெளிச்சம். நிழலின் ஓரம் மெதுவாகக் கரைகிறதா, கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஜன்னலின் அளவு மட்டும் அல்ல. பொம்மை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. ஒரு மீட்டர் அகல ஜன்னலுக்கு 70 செ.மீ. அருகில் இருந்தால் அது பார்வையில் சுமார் 70 பாகை அகலத்தை அடைத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளிப் போனால் 20 பாகைகூட வராது. அங்கே நிழல் கூர்மையாகும், வெளிச்சமும் நிறையக் குறைந்துவிடும், கை ஆடினால் படம் மங்கும்.

அதற்காக ஜன்னலோடு ஒட்டி வைத்தாலும் சிக்கல். ஒட்டி வைக்கும்போது பொம்மையின் ஒரு பக்கம் ஜன்னலுக்கு மிக அருகிலும் மறுபக்கம் ஒப்பளவில் வெகு தூரத்திலும் இருக்கும். அதனால் ஒரு காது வெளுத்து, மறு காது இருளும். கொஞ்சம் தள்ளிவைத்தால் இரண்டு காதுகளுக்கும் ஜன்னலிலிருந்து உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஜன்னலின் அகலத்தில் முக்கால் பங்கு தூரத்தில் தொடங்கி, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது என் வழக்கம். நேர் வெயில் உள்ளே விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினால் போதும். அந்தத் துணியே ஜன்னலாகிவிடும்.

பின்னல் வேலைக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒவ்வொரு தையலும் ஒரு குட்டி மேடு. பக்கத்திலிருந்து வரும் ஒளியில் மேட்டின் ஒரு புறம் மின்னும், மறுபுறம் சிறு நிழல் விழும். விரல் தொட்டு உணர்வதைக் கண் உணர்வது அந்த நிழலால்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று நேராக எடுத்தால் நிழல்கள் தையலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பின்னல் வெறும் துணிபோல் ஆகிவிடும். நிழல் பக்கம் அதிகமாகக் கறுத்தால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டை நிறுத்துங்கள். அதை மெல்ல நெருக்கிக்கொண்டே வந்து, தையலின் நிழல் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும்.

அறை விளக்கை அணைத்துவிடுவது கட்டாயம். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை 5500 கெல்வினுக்கு மேல். மஞ்சள் பல்பு 2700-க்குப் பக்கத்தில். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். படம் முழுவதையும் ஒரே அளவு மாற்றும் எந்தத் திருத்தமும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யாது. நாம் போட்டிருக்கும் உடையும் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒருநாள் சிவப்புச் சட்டையோடு எடுத்தபோது யானையின் வயிற்றில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

தாள் ஏன் சாம்பலாகிறது என்பதில் தூரத்துக்குப் பங்கில்லை. எதிரே இருப்பது சராசரியாக நடுத்தர வெளிச்சம் உள்ள காட்சி என்று எடுத்துக்கொண்டுதான் கேமரா அளக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை யானை இருந்தால், வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. பொம்மையின் மேல் திரையைத் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் தாள் வெளுக்கும். எங்கே நிறுத்துவது? காதின் மிகப் பிரகாசமான இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தையல் தெரிய வேண்டும். அது கரைந்துவிட்டால் பின்னால் எவ்வளவு திருத்தினாலும் திரும்பி வராது. இந்த நிறப் பொம்மைக்கு நானாக இருந்தால் வெள்ளைத் தாளை விட்டுவிட்டு வெளிர் சாம்பல் தாளை எடுப்பேன், விளிம்பு பிரிந்து தெரியும். தாளை மடிக்காமல் வளைத்துச் சுவரில் ஏற்றி, பொம்மையை அந்த வளைவிலிருந்து 30 செ.மீ. முன்னால் வைத்தால் பின்னணியில் கோடும் வராது, நிழலும் ஏறாது.

அடுத்த வாரம் முயல் வரும், அப்புறம் குருவி. அவற்றுக்கும் இதே அமைப்பு வேண்டுமென்றால் மேஜையில் டேப் ஒட்டிக் குறித்துவிட வேண்டும்: பொம்மை நிற்கும் இடம், போன் ஸ்டாண்டின் கால், தெர்மாகோலின் ஓரம். லென்ஸ் பொம்மையின் கண் மட்டத்தில், போன் முன்னே சாயாமல் நேராக நிற்கட்டும். சாய்ந்தால் பொம்மை மேலே அகன்று கீழே குறுகும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF Lock என்று வரும், அதன் பிறகு வெளிச்ச அளவு தானாக மாறாது. பொம்மைகள் சிறிதும் பெரிதுமாக இருந்தாலும் தூரத்தையும் ஜூமையும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் சட்டம் நிறைய எடுத்தால் குருவியும் யானையும் ஒரே அளவாகத் தெரியும், வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் ஏமாறுவார்.

எடுத்து முடித்ததும் யானைப் படத்தையும் முயல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொம்மைகளை விட்டுவிட்டுத் தாளின் நிறத்தை மட்டும் பாருங்கள். ஒன்று மங்கலாக அல்லது நீலமாக இருந்தால், நடுவில் மேகம் வந்திருக்கிறது. அந்தப் படத்தை மறுபடி எடுத்துவிடுவதே சுலபம், டேப் இன்னும் மேஜையில்தானே இருக்கிறது.