பனியாறு பின்வாங்குமா?

மலையில் ஆறுபோல் ஊர்ந்திறங்கும் பனிக்கட்டித் திரள் சுருங்குவதை ஆங்கிலத்தில் ‘கிளேசியர் ரிட்ரீட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் வழங்கும் ‘பனிப்பாறை பின்வாங்கல்’ என்ற தொடரை ஒழித்துக்கட்டினால் ஒழிய வாசகருக்கு விஷயம் விளங்கப்போவதில்லை. மூலச்சொல்லான கிளேசியர், பனிக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குமேல் அதில் சுவாரசியம் இல்லை. தமிழில் பனியாறு என்ற அருமையான சொல் பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பனிப்பாறைதான் பிடிக்கும். கடலில் மிதப்பதும் அதுவே, மலையில் கிடப்பதும் அதுவே! கடலில் மிதப்பது உருகினால் எந்த வயலுக்குப் பாயும்?

பின்வாங்கல் இன்னும் மோசம். படை பின்வாங்கும், வந்த வழியே திரும்பி நடக்கும். பனியாறு ஒருநாளும் மேல்நோக்கி நகர்வதில்லை. மேலே விழும் பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையால் கீழே ஊர்ந்துகொண்டே இருக்கிறது. மேலிருந்து வந்து சேர்வதைவிடக் கீழே உருகுவது மிகும்போது அடிமுனை உருகிக் கரைந்து, பனியாறு முடியும் இடம் மட்டும் மேலே தள்ளிப்போகிறது. அவ்வளவுதான். இமயத்தில் கல்லும் மண்ணும் மூடிய சில பனியாறுகளில் முனை ஏறக்குறைய அதே இடத்திலேயே இருக்கும். ஆனால் ஆண்டுக்காண்டு தடிமன் குறைந்துகொண்டே போகும். முனையை மட்டும் பார்ப்பவர் ‘பின்வாங்கவில்லை’ என்று நிம்மதியாக எழுதிவிடுவார்.

எனவே ‘பனியாற்றுத் தேய்வு’ என்பேன். நீளமும் தடிமனும் குறைவதை இச்சொல் ஒருங்கே சொல்லிவிடும். தேய்பிறை மீண்டும் வளருமே என்று தூயதமிழ் நண்பர்கள் மடக்குவார்கள். செருப்பும்தான் தேய்கிறது, வளர்கிறதா?

சொல் தவறினால் உழவர் கணக்கும் தவறுகிறது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் சாந்தா ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்தியேரா பிளாங்கா மலைத்தொடரின் பனியாறுகள் அதற்கு நீர் தருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை அரிது. அம்மாதங்களில் உருகுநீர்தான் ஆற்றுக்குப் பெருந்துணை. கீழே வறண்ட கடலோரத்தில் சாவிமோச்சிக் பாசனத் திட்டம் இந்த ஆற்று நீரை நம்பி ஏற்றுமதிப் பயிர் வளர்க்கிறது. பனியாறு தேயத் தொடங்கும்போது ஆற்றில் நீர் குறையாது, கூடும்! சேமிப்பைக் கரைத்துச் செலவழிக்கும் காலம் அது. அந்தப் பெருக்கை நம்பிப் பாசனப் பரப்பை விரித்துவிடுவார்கள். பிறகு உருகப் பனியின் பரப்பே போதாமல், வரத்து ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். அம்மலைத்தொடரில் ஆராய்ந்த 9 நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் 7 இந்த உச்சத்தைத் தாண்டிவிட்டிருக்கலாம் என்று 2012இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆண்டு மொத்த நீரில் இழப்பு சிறிதாகத் தெரியலாம். மழைக்காலம் அதை மறைத்துவிடும். அடி விழுவது மழையற்ற மாதங்களில்தான்.

இந்த உச்சத்தையும் ‘உச்ச நீர்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். படிப்பவர் வெள்ள அபாய எச்சரிக்கை என்றே நினைப்பார். ‘உருகுநீர் உச்சம்’ என்று எழுதுவதில் என்ன கஷ்டம்?