கொத்தக ஒட்டுறவும் அமைப்புப் பெருக்கெண்ணும்: சொல் விளக்கம்

பள்ளி போன்ற கொத்துகளை முழுமுழுவதாகப் பிரித்து ஒரு திட்டத்தைச் சோதிக்கும் ஆய்வுகளில் வரும் ‘இன்ட்ராக்ளஸ்டர் கோரிலேஷன்’ என்பதைச் சிலர் ‘உட்கொத்துத் தொடர்பு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் உட்பிரிவு என்றால் பிரிவுக்குள் இன்னொரு சிறு பிரிவு. அதேபோல் உட்கொத்து என்றால் பள்ளிக்குள் இருக்கும் வகுப்பு என்றுதான் படிப்பவர் எண்ணுவார். இங்கே சொல்ல வருவது அதுவல்ல. ஒரே கொத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பது. ஆகவே ‘கொத்தக ஒட்டுறவு’ பொருந்தும். ‘குழு’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. திட்டம் பெற்ற குழு, பெறாத குழு என்ற பொருளுக்கு அது வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லின் வேர் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட புள்ளியியல் நூலில் உள்ள ‘இன்ட்ராகிளாஸ்’ ஒட்டுறவு. அண்ணன் தம்பியரின் உயரங்களை ஒப்பிடும்போது எவர் முதல் மாறி, எவர் இரண்டாம் மாறி என்ற கேள்விக்கு இடமில்லை. இருவரும் ஒரே குடும்பம் என்ற வகுப்பின் உறுப்பினர்கள். பள்ளிக்கும் இதே கணக்குத்தான். மொத்தப் பரவற்படியில் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டின் பங்கு எவ்வளவோ அதுவே கொத்தக ஒட்டுறவு, ρ. ஒரே தண்ணீர், ஒரே கழிப்பறை, ஒரே ஆசிரியர் என்பதால் அந்தப் பங்கு சுழியாக இருப்பது அரிது. ஒரு பள்ளி முழுவதும் ஒரே செவிலியர் இரத்தம் எடுத்துச் சோதித்தால் அவருடைய அளவீட்டுப் பழக்கமும் அதற்குள் புகுந்துவிடும்.

‘டிசைன் எஃபெக்ட்’ லெஸ்லி கிஷ் 1965-இல் நிலைநிறுத்திய சொல். `deff` என்று மென்பொருள் திரையில் வருவது அவர் தந்த சுருக்கமே. ‘வடிவமைப்பு விளைவு’ என்ற நேர்பெயர்ப்பைப் படிப்பவர் அதைத் திட்டத்தின் விளைவு என்று மயங்குவார். உண்மையில் இது பரவற்படியைப் பெருக்கும் ஓர் எண். ‘அமைப்புப் பெருக்கெண்’ என்றால் குழப்பமில்லை. அடுக்கு பிரித்து மாதிரி எடுக்கும்போது அது 1-க்குக் கீழேயும் இறங்கலாம் என்பதால் ‘பெருக்கம்’ சரிவராது. பள்ளிக்கு m பிள்ளைகள் என்றால்:

```
1 + (m − 1) × ρ
```

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் இரத்தசோகையை 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைக்கிறதா என்று அறிய வேண்டும். பிள்ளைகளைத் தனித்தனியே சமவாய்ப்பில் பிரித்தால் 5 விழுக்காடு பொருள்மட்டம், 80 விழுக்காடு திறன் ஆகியவற்றுக்குக் குழுவுக்கு 353 பேர் போதும். பள்ளி பள்ளியாகப் பிரிக்கிறோம், பள்ளிக்கு 50 பேர், ρ = 0.05 என்று கொள்வோம். பெருக்கெண் 3.45, தேவை 1,218 பேர், அதாவது குழுவுக்கு 25 பள்ளிகள்.

பள்ளிகளைக் குறைத்துப் பிள்ளைகளைக் கூட்டினால் என்ன என்று கேட்காத திட்ட அலுவலர் இல்லை. பள்ளிக்கு 100 பேர் எடுத்தால் பெருக்கெண் 5.95, தேவை 22 பள்ளிகள். பிள்ளைகள் 1,250-லிருந்து 2,200 ஆகிறார்கள், மிச்சமானது மூன்றே பள்ளி. குழுவுக்கு 8 பள்ளிகள், பள்ளிக்கு 300 பேர் என்றால் 2,400 பிள்ளைகள். ஆனால் அவர்கள் தரும் தகவல் தனித்தனியே பிரித்த 150 பேர் தருவதற்குச் சமம். காரணம் எளிது: ஒரு பள்ளி எவ்வளவு பெரிதானாலும் 1/ρ பேருக்கு மேல், இங்கே 20 பேருக்கு மேல், தகவல் தராது. எனவே 17 பள்ளிகளை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தாலும் 353-ஐ எட்ட முடியாது.

கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998-இல் தொடங்கிய குடற்புழு நீக்கத் திட்டத்தில் 30,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பிரிக்கப்பட்டவை 75 பள்ளிகள். பிழையை மதிப்பிடும்போது பார்க்க வேண்டியது அந்த 75-ஐத்தான். (அங்கே பள்ளிகளைச் சமவாய்ப்பில் பிரிக்காமல் பட்டியலிட்டு ஒவ்வொரு மூன்றாவது பள்ளியாக எடுத்தார்கள் என்பது வேறு விவாதம்.)

தவறு அதிகம் நடப்பது பகுப்பாய்வில். பெருக்கெண் பரவற்படிக்கு உரியது. ‘ஸ்டாண்டர்ட் எரர்’ எனப்படும் திட்டப்பிழையைப் பெருக்க அதன் வர்க்கமூலம் வேண்டும். 3.45-க்கு அது 1.86. கொத்தை மறந்து கணக்கிட்டவர் p = 0.05 என்று மகிழ்ந்தால், சரியான p ஏறக்குறைய 0.29. பிள்ளைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில், நம்பக இடைவெளி மிகக் குறுகல், பள்ளிகளின் எண்ணிக்கை அட்டவணையிலேயே இல்லை என்றால் இந்தப் பிழையைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று, பள்ளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அளவுகளின் மாறுபாட்டுக் கெழு 0.6 என்றால் சராசரி அதே 50 ஆக இருந்தும் பெருக்கெண் 4.35 ஆகிவிடும். ஒவ்வொரு பள்ளியிலும் சம எண்ணிக்கையில் பிள்ளைகளைக் குலுக்கி எடுத்தால் இந்தச் சுமை பெரும்பாலும் நீங்கும். ρ-வை நான்கு பள்ளி முன்னோட்டத்திலிருந்து மதிப்பிட வேண்டாம். அவ்வளவு சில பள்ளிகளில் அது எதிர்மறையாகக்கூட வரும். அதே விளைவை அதே வயதினரிடம் அளந்த முந்தைய ஆய்வுகளின் மதிப்புகளை எடுத்து, சற்று மேலே வைத்துக் கணக்கிடுவதே வழக்கம்.