சொல் விளக்கம்: அண்மை வளர்ச்சி மண்டலமும் சாரமும்

ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறவர்களுக்கு ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்ற தொடர் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். ‘ஸோன் ஆஃப் ப்ராக்ஸிமல் டெவலப்மென்ட்’ என்பதன் தமிழாக்கம் அது. தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் அந்தத் தமிழில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு.

தமிழில் ‘அண்மையில்’ என்றால் சற்று முன்பு என்றும் பொருள். அதனால் ‘அண்மை வளர்ச்சி’ என்று படிக்கும்போது, குழந்தை சமீபத்தில் அடைந்த வளர்ச்சி என்று மனது எடுத்துக்கொள்கிறது. பொருள் அப்படியே தலைகீழ். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) பயன்படுத்திய ‘பிளிஷாய்ஷி’ என்ற சொல்லுக்கு ‘மிக அருகில் உள்ள’, ‘அடுத்த’ என்று பொருள். இன்னும் வராத, இதோ வரப்போகிற வளர்ச்சியைத்தான் அவர் சொன்னார். அடுத்தது ‘மண்டலம்’. நமக்கு அது கொங்கு மண்டலம் மாதிரி ஓரிடத்தில் நகராமல் கிடக்கும் நிலம். இதுவோ குழந்தைக்குக் குழந்தை மாறும், வாரத்துக்கு வாரம் நகரும். ‘அடுத்த வளர்ச்சி எல்லை’ என்று மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

வைகாட்ஸ்கி சொன்ன எடுத்துக்காட்டு இது. பத்து வயதுக் குழந்தைகள் இருவர். தனியாக விட்டால் இருவருமே எட்டு வயதுக்குரிய கணக்கு வரைதான் போடுகிறார்கள். கொஞ்சம் உதவினால் ஒருவர் ஒன்பது வயதுக்குரியதையும், மற்றவர் பன்னிரண்டு வயதுக்குரியதையும் போட்டுவிடுகிறார். தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் இந்த எல்லை.

நம் வகுப்பில் இதைப் பார்க்கலாம். 503-இல் 278-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் 375 என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டார்கள். தாளில் இருவருக்கும் ஒரே தப்பு. இப்போது காகிதத்தில் வெட்டிய ஐந்து நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒரு ரூபாய் வில்லைகளையும் கையில் கொடுங்கள்.

“ஏங் கண்ணு, இதுல எனக்கு 278 ரூவா குடு பாக்கலாம்.”

சந்தைக்கு அம்மாவோடு போய்ப் பழகிய பிள்ளை கொஞ்சம் யோசித்து, “சில்லறை மாத்தோணுங் டீச்சர்” என்கிறாள். நூறு ஒன்றைப் பத்துப் பத்தாக மாற்றுகிறாள். அதில் ஒரு பத்தை மறுபடி ஒன்றுகளாக மாற்றுகிறாள். கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. கொடுத்தது போக 225. பூஜ்யம் இருந்த இடத்தில் 9 எப்படி வந்தது என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். இந்தக் கணக்கு அவளுடைய எல்லைக்குள் இருக்கிறது.

மற்றவனுக்கு நூறில் எத்தனை பத்து என்பதே பிடிபடவில்லை. அவனுக்கு இன்று 503 வேண்டாம். 52-இல் 27 போதும், ஒரே ஒரு பத்தை மாற்றினால் முடிந்துவிடும்.

அந்தக் காகிதப் பணமும் நீங்கள் கேட்ட கேள்வியும்தான் ‘ஸ்கஃபோல்டிங்’. இந்தச் சொல் வைகாட்ஸ்கி கொடுத்தது அல்ல. 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்ட ஒருவர் எப்படி உதவுகிறார் என்று கவனித்து எழுதிய கட்டுரையில் வந்தது. தமிழில் ‘சாரக்கட்டு’ என்கிறார்கள். கட்டட வேலையில் சொல்கிற ‘சாரம்’ இன்னும் பொருத்தம். கொடிக்கு நடும் கொழுகொம்போடு இதைக் குழப்ப வேண்டாம். வெற்றிலைக் கொடிக்கு அகத்தி கடைசிவரை வேண்டும். சாரத்தைப் பிரித்தாக வேண்டும். இன்னொன்று, சாரத்தில் நின்று சுவர் கட்டுகிறவர் கொத்தனார். இங்கே கொத்தனார் அந்தப் பிள்ளைதான், நீங்கள் இல்லை.

பயிற்சி ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான். “இங்க 4 போடு, இங்க 9 போடு” என்று வரிக்கு வரி சொன்னால் நோட்டு முழுக்கச் சரியாக இருக்கும். மறுநாள் துணையில்லாமல் கொடுத்தால் பழைய 375 மாதிரி விடையே திரும்பி வரும். சொல்லிக்கொண்டிருந்தவரை கட்டியது நீங்கள்தான் என்பது அப்போது தெரியும்.

பிரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். 604-இல் 358 கழிக்கும்போது பணம் வேண்டாம், நோட்டில் படமாக வரையட்டும். அப்புறம் 702-இல் 465-ஐ வெறும் எண்ணாகவே கொடுங்கள். தடுமாறினால் “சில்லறை இருக்குதா?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் நின்றுவிட்டால் ஒரு படி கீழே இறங்கிப் படத்துக்குப் போங்கள். கேட்காமலேயே 237 என்று எழுதினால், அடுத்த நாள் பணத்தாள்களைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.